நிறுவனம் உண்மைதான்; வருகிறவர்கள் அதன் ஆட்கள்தானா?

"ஐயா, அடுத்த வாரம் வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனம் ஒரு படிவத்தின் இணைப்பை அனுப்பி, ஆதார், பான், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், கையொப்பம் எல்லாவற்றையும் இன்றிரவுக்குள் ஏற்றச் சொல்கிறது. நம் கல்லூரிக்கே வருகிறவர்கள்தானே, கொடுத்துவிடலாமா? நிறுவனம் உண்மையானதா என்று நாங்கள் எப்படிப் பார்ப்பது?"

அன்புள்ள இறுதியாண்டு மாணவர்களுக்கு,

கொடுக்க வேண்டாம். இன்றிரவுக்குள் என்ற கெடுவையும் பொருட்படுத்த வேண்டாம். கேட்டவர் ஒருவர்தான் என்றாலும் அதே இணைப்பு உங்களில் பலருக்கும் வந்திருக்கும் என்பதால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

"கல்லூரிக்கே வருகிறவர்கள்தானே" என்ற நம்பிக்கையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். வேலைவாய்ப்புப் பிரிவின் அறிவிப்புப் பலகையில் ஒரு நிறுவனத்தின் பெயர் ஏறினால், அவர்கள் எங்களுக்குக் கடிதம் எழுதினார்கள், நாங்கள் தேதி கொடுத்தோம் என்று பொருள். அதற்கு முன் எங்களால் முடிந்த சோதனைகளைச் செய்கிறோம். ஆனால் ஒரு பருவத்தில் பல நிறுவனங்கள் அடுத்தடுத்து வரும்போது, ஒவ்வொன்றையும் ஒரே ஆழத்தில் பார்க்க முடிவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இந்த இடத்தில்தான் நான் தவறினேன். அதை முழுதாகச் சொன்னால், எதைப் பார்க்க வேண்டும் என்பது தானாகப் புரியும்.

ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தின் கடிதத்தாளில் மின்னஞ்சல் வந்தது. சென்னையில் தலைமை அலுவலகம், நானூறு ஊழியர்கள், மென்பொருள் சோதனைப் பிரிவுக்கு ஆட்கள் தேவை என்று எழுதியிருந்தார்கள். கடிதத்தின் அடியில் நிறுவனத்தின் பதிவு எண் இருந்தது. அதை அரசின் தளத்தில் போட்டுப் பார்த்தேன். நிறுவனம் இருந்தது, முகவரி பொருந்தியது, இயக்கத்தில் இருப்பதாகவே காட்டியது. அத்துடன் மனநிறைவு அடைந்து, அவர்கள் அனுப்பிய படிவத்தின் இணைப்பை மாணவர் குழுவுக்கு நானே அனுப்பி வைத்தேன். நேர்காணலுக்கு முந்தின நாள், வரவேற்பு ஏற்பாட்டைப் பற்றிக் கேட்பதற்காக நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்த எண்ணைத் தற்செயலாக அழைத்தேன். மனிதவளப் பிரிவில் இருந்த பெண் திகைத்துப்போனார். "உங்கள் ஊர்ப் பக்கம் இந்த ஆண்டு எந்தக் கல்லூரிக்கும் வருவதாக இல்லையே" என்றார். நிறுவனம் உண்மை, பதிவு எண் உண்மை, முகவரி உண்மை. எங்களுக்குக் கடிதம் எழுதியவர்கள் மட்டும் அந்த நிறுவனத்தின் ஆட்கள் இல்லை. அதற்குள் பாதி வகுப்பு ஆதாரையும் பானையும் ஏற்றி முடித்திருந்தது.

அன்று முதல் நான் இரண்டு கேள்விகளைப் பிரித்து வைத்துக்கொள்கிறேன். இப்படி ஒரு நிறுவனம் இருக்கிறதா என்பது ஒன்று. நம்மிடம் பேசுகிறவர் அதன் ஆள்தானா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு விடை கிடைத்ததும் இரண்டாவதற்கும் கிடைத்துவிட்டதாக மனம் நினைத்துக்கொள்ளும். ஏமாற்றுகிறவர்கள் நம்பியிருப்பது அதைத்தான்.

முதல் கேள்வியை நீங்களே கால் மணி நேரத்தில் பார்த்துவிடலாம். இந்தியாவில் பதிவான ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 21 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஓர் அடையாள எண் உண்டு. சுருக்கமாக சிஐஎன் என்பார்கள். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 12, இந்த எண்ணையும் பதிவு அலுவலக முகவரியையும் கடிதத்தாளில் அச்சிட வேண்டும் என்கிறது. ஆகவே நிறுவனம் என்று சொல்லிக்கொண்டு வரும் கடிதத்தில் அது இல்லாவிட்டால், கேட்பதற்கு உங்களுக்கு முழுக் காரணம் இருக்கிறது. அந்த எண் இப்படி இருக்கும்:

```
U62099TN2023PTCxxxxxx
```

முதல் எழுத்து பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதா என்பதைச் சொல்கிறது. எல் என்றால் பட்டியலில் உள்ளது, யு என்றால் இல்லாதது. அடுத்த ஐந்து இலக்கங்கள் தொழிலின் வகை. பிறகு மாநிலம், தமிழ்நாட்டுக்கு TN. அதை அடுத்துப் பதிவான ஆண்டு. பிடிசி என்பது பிரைவேட் லிமிடெட். கடைசி ஆறும் பதிவு எண். இணையத்துக்குப் போகாமலே இதில் கொஞ்சம் படித்துவிடலாம். "பதினைந்து ஆண்டு அனுபவம்" என்று கடிதம் சொல்ல, எண்ணின் நடுவில் 2023 என்று இருந்தால் கேள்வி எழ வேண்டும். கூட்டாண்மையாக இருந்து பின்னால் நிறுவனமாக மாறியிருக்கலாம், அப்படியும் நடக்கிறது. கேட்டால் நேர்மையானவர்கள் ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவார்கள்.

பிறகு `mca.gov.in` தளத்தில் `Master Data` பகுதிக்குச் சென்று பெயரையோ எண்ணையோ கொடுங்கள். பெயர் பொருந்துகிறதா என்பதோடு நின்றுவிடாதீர்கள். நிலை என்ற இடத்தில் `Active` என்று இருக்கிறதா, `Strike Off` என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் பதிவேட்டிலிருந்து அந்த நிறுவனம் நீக்கப்பட்டுவிட்டது. கடைசியாக எந்த ஆண்டின் இருப்புநிலைக் குறிப்பைத் தாக்கல் செய்திருக்கிறார்கள் என்ற தேதியும் அங்கே இருக்கும். நூறு பேரை வேலைக்கு எடுக்கப்போவதாகச் சொல்லும் நிறுவனம் நான்கு ஆண்டுகளாகக் கணக்கே தாக்கல் செய்யவில்லை என்றால், அதைவிடப் பெரிய எச்சரிக்கை தேவையில்லை. அதே பக்கத்தில் நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியும் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எல்லாத் தொழிலும் இந்தத் தளத்தில் இருக்காது. ஒருவர் தம் பெயரிலேயே நடத்தும் தனியுரிமைத் தொழில் நிறுவனங்கள் இங்கே பதிவாவதில்லை. அவற்றுக்கு ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். `gst.gov.in` தளத்தில் `Search Taxpayer` என்ற இடத்தில் கடவுச்சொல் ஏதுமின்றிப் பார்க்கலாம். 15 இடங்கள் கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டும் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் உரிமையாளரின் பான் எண்ணேதான். பானின் நான்காவது எழுத்து அது யாருடையது என்பதைச் சொல்லும்: C என்றால் நிறுவனம், P என்றால் தனிநபர், F என்றால் கூட்டாண்மை. அதாவது ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது இடத்தைப் பார்த்தாலே போதும். கடிதத்தாளில் பிரைவேட் லிமிடெட் என்று அச்சிட்டுவிட்டு, ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது எழுத்து P ஆக இருந்தால், அந்த எண் ஏதோ ஒரு தனிமனிதருடையது. இந்த ஒரு எழுத்தால் பிடிபட்ட கடிதங்களை நானே பார்த்திருக்கிறேன். ஜிஎஸ்டி எண்ணே இல்லை என்பது மட்டும் குற்றமாகாது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவர்கள் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் அவ்வளவு சிறிய தொழில் நூறு பேருக்கு ஆண்டுக்கு ஆறு லட்சம் எங்கிருந்து கொடுக்கும் என்று நீங்கள் கேட்கலாம்.

ஊழியர் எண்ணிக்கையைச் சரிபார்க்க வருங்கால வைப்பு நிதி அமைப்பின் தளத்தில் ஒரு வசதி இருக்கிறது. மாணவர்கள் இதை அறிந்திருப்பதே இல்லை. `epfindia.gov.in` தளத்தில் `Establishment Search` என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயரைக் கொடுத்தால், எந்த மாதத்துக்கு எத்தனை ஊழியர்களுக்காகப் பணம் கட்டினார்கள் என்ற விவரம் வரும். 20 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனம் வருங்கால வைப்பு நிதிச் சட்டத்துக்குள் வந்துவிடும். எண்ணிக்கை அப்படியே பொருந்த வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதிகச் சம்பளத்தில் முதல்முறை சேருகிறவர்களைச் சில நிறுவனங்கள் திட்டத்தில் சேர்க்காமல் விடலாம். ஒப்பந்த ஊழியர்கள் வேறு நிறுவனத்தின் கணக்கில் இருப்பார்கள். ஆனால் நானூறு பேர் என்று சொல்லும் இடத்தில் ஏழு பேருக்குத்தான் பணம் கட்டப்பட்டிருக்கிறது என்றால், அந்த இடைவெளியை இந்தக் காரணங்களால் நிரப்ப முடியாது.

இவ்வளவையும் பார்த்துத் தேறினாலும் முதல் கேள்விதான் முடிந்திருக்கிறது. நான் சறுக்கியது இதற்கு அப்பால்.

நம்மிடம் பேசுகிறவர் அந்த நிறுவனத்தின் ஆள்தானா என்று தெரிந்துகொள்ள, அவர் கொடுத்த எண்ணையோ முகவரியையோ பயன்படுத்தக் கூடாது. அவர் கொடுத்த எண்ணை அழைத்தால் அவரே எடுப்பார், அல்லது அவருடைய கூட்டாளி எடுப்பார். அரசுப் பதிவேட்டில் இருக்கும் மின்னஞ்சலுக்கு எழுதுங்கள், அல்லது நீங்களாகத் தேடிக் கண்ட நிறுவனத் தளத்தில் இருக்கும் எண்ணை அழையுங்கள். "இன்ன தேதியில், இன்ன கல்லூரியில், இன்ன பெயருள்ளவர் உங்கள் சார்பில் நேர்காணல் நடத்துகிறாரா?" என்ற ஒரே கேள்வி போதும். பதிவேட்டில் உள்ள மின்னஞ்சல் சில நேரம் அவர்களுடைய தணிக்கையாளருடையதாக இருக்கும், பதில் தாமதமாகும். அதனால் தொலைபேசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மின்னஞ்சல் முகவரியைப் படிக்கவும் ஒரு முறை இருக்கிறது. நம் கண் இடமிருந்து வலமாக ஓடி, நிறுவனத்தின் பெயரைக் கண்டதும் நின்றுவிடுகிறது. அதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். இந்த இரண்டையும் பாருங்கள்:

```
hr@careers.example.com
hr@example-careers.com
```

முதலாவதில் கடைசிப் புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பது நிறுவனத்தின் பெயர் மட்டும். அதற்கு முன்னால் இருப்பது அவர்களே வைத்துக்கொண்ட கிளை. இரண்டாவதில் நிறுவனத்தின் பெயரோடு ஒரு சிறு கோட்டால் வேறு சொல் ஒட்டியிருக்கிறது. அது முற்றிலும் வேறு முகவரி, பணம் கட்டினால் யாரும் வாங்கலாம். முகவரி `co.in` என்று முடிந்தால் அந்த இரண்டையும் தாண்டி இடப்பக்கம் பாருங்கள். எனக்கு வந்த கடிதம் இரண்டாவது வகைதான். அந்த முகவரி எப்போது பதிவானது என்று பிறகு `lookup.icann.org` தளத்தில் பார்த்தேன். கடிதத்துக்கு மூன்று வாரம் முன்பு. பத்தாண்டு பழைய நிறுவனத்துக்கு மூன்று வாரம் முன்பு பிறந்த முகவரி. முதல் நாளே பார்த்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.

இடையில் கன்சல்டன்சி ஒன்று இருந்தால் இன்னும் ஒரு படி கூடுகிறது. நிறுவனங்கள் ஆள் எடுக்கும் வேலையை வெளியாட்களிடம் ஒப்படைப்பது வழக்கம்தான், அதில் தவறில்லை. ஆனால் எந்த நிறுவனத்துக்காக வருகிறார்களோ அதன் கடிதத்தாளில், தங்களுக்கு அந்தப் பணியைக் கொடுத்ததாக எழுதிய கடிதம் அவர்களிடம் இருக்க வேண்டும். பணி நியமன ஆணை யார் பெயரில் வரும், சம்பளம் யார் கணக்கிலிருந்து வரும் என்றும் கேளுங்கள். பெரிய பெயரைச் சொல்லி அழைத்துவிட்டு, ஆணையில் கேள்விப்படாத பெயர் இருப்பதைக் கடைசி நாளில் கண்டவர்கள் உண்டு.

இனி ஆவணங்களுக்கு வருகிறேன். நிறுவனமும் உண்மை, ஆட்களும் உண்மை என்றாலும், கேட்டதையெல்லாம் கேட்டவுடன் கொடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு காலம் இருக்கிறது. உங்களைத் தேர்ந்தெடுப்பதற்கு உங்கள் தன்விவரக் குறிப்பும் மதிப்பெண்களும் போதும். ஆதார் எண் வருங்கால வைப்பு நிதிக் கணக்குக்காகத் தேவை, பான் எண் வருமான வரிப் பிடித்தத்துக்காகத் தேவை, வங்கிக் கணக்கு சம்பளம் போடத் தேவை. இந்த மூன்றும் நீங்கள் வேலையில் சேரும்போது எழுகிற தேவைகள். எழுத்துத் தேர்வே நடக்காத நிலையில் பாஸ்புக்கின் முதல் பக்கம் எதற்கு? இந்தக் கேள்விக்கு எந்த நேர்மையான மனிதவள அலுவலரும் கோபப்பட மாட்டார்.

ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றால், ஆதார் நகல், பான் நகல், புகைப்படம், கையொப்பம் ஆகிய நான்கும் ஒரே படிவத்தில் சேரும்போது, உங்கள் பெயரில் வேறொருவர் கடன் கேட்கவும், சிம் வாங்கவும், போலித் தொழில் பதிவு செய்யவும் தேவையான கட்டு கிட்டத்தட்ட தயாராகிவிடுகிறது. இதற்கு மேல் ஓடிபியும், முகத்தைக் காட்டி எடுத்த வீடியோவும்தான் மிச்சம். "ஆதாரைக் கையில் பிடித்தபடி பத்து விநாடி வீடியோ அனுப்புங்கள்", "சம்பளக் கணக்கு நாங்களே திறந்து தருகிறோம், வரும் ஓடிபியைச் சொல்லுங்கள்" என்பவை அந்த மிச்சத்தைக் கேட்கும் வழிகள். அப்படித் திறக்கப்படும் கணக்கில் மோசடிப் பணம் வந்து போனால், காவல்துறை முதலில் தேடி வருவது கணக்கின் பெயரில் இருக்கும் உங்களை. ஓடிபியை எந்த நிலையிலும் யாருக்கும் சொல்லக் கூடாது. சம்பளக் கணக்கை வங்கிக் கிளையில் நீங்களே திறந்துகொள்ளலாம்.

அடையாளத்துக்காக ஆதார் காட்டியே ஆக வேண்டும் என்றால், `myaadhaar.uidai.gov.in` தளத்திலிருந்து மறைக்கப்பட்ட ஆதாரை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் 12 இலக்கங்களில் கடைசி நான்கு மட்டும் தெரியும். இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இறக்கிய கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறது என்ற தைரியத்தில் முழு ஆதார் கோப்பை அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான். இரண்டும் உங்கள் தன்விவரக் குறிப்பிலேயே இருக்கின்றன. அதனால் அந்தக் குறிப்பில் பிறந்த தேதி, தந்தை பெயர், வீட்டு முகவரி ஆகியவற்றையும் எடுத்துவிடுங்கள். ஊர்ப் பெயரும் தொலைபேசி எண்ணும் போதும்.

ஜெராக்ஸ் கொடுக்கும்போது, வெற்றிடத்தில் எழுதாமல், எழுத்துகளின் மேலேயே குறுக்காக, இன்ன நிறுவனத்தின் இன்ன தேதி நேர்காணலுக்கு மட்டும் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். மூலச் சான்றிதழ்களை மேசையில் வைத்துக் காட்டுங்கள், பார்த்து முடித்ததும் வாங்கிக்கொள்ளுங்கள். "சேரும் வரை எங்களிடம் இருக்கட்டும்" என்று யார் சொன்னாலும், அது உண்மையான நிறுவனமாகவே இருந்தாலும், எழுந்து என்னிடம் வந்துவிடுங்கள். நானே உள்ளே வந்து பேசுகிறேன். முன்பணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கான வைப்புத் தொகை என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும், கொடுக்காமல் இதேபோல் என்னிடம் வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே படிவத்தில் ஏற்றிவிட்டவர்களுக்கு: அதற்காக உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை, அன்று நானே இணைப்பை அனுப்பியவன். செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஆதார் தளத்தில் உங்கள் கைரேகை, கருவிழிப் பதிவுகளைப் பூட்டுங்கள். அங்கேயே, கடந்த மாதங்களில் உங்கள் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற வரலாற்றையும் பாருங்கள். `sancharsaathi.gov.in` தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை செல்பேசி எண்கள் இருக்கின்றன என்று தெரியும். உங்களுடையது அல்லாததை அங்கேயே தெரிவிக்கலாம். ஜிஎஸ்டி தளத்தில் `Search by PAN` என்ற இடத்தில் உங்கள் சொந்தப் பான் எண்ணைப் போட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத தொழில் எதுவும் உங்கள் பெயரில் நடக்கிறதா என்பது அதில் வரும். கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதை வாங்கி, நீங்கள் கேட்காத கடனுக்கான விசாரணை இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றை ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிடாமல், அடுத்த ஓராண்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். திருடிய ஆவணங்கள் பல நேரம் உடனே பயன்படுவதில்லை. அன்று ஏமாந்த மாணவி ஒருவரின் பெயரில் இரண்டு செல்பேசி எண்கள் இருப்பது ஐந்து மாதம் கழித்துத்தான் தெரியவந்தது. பணம் போயிருந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள், `cybercrime.gov.in` தளத்திலும் புகாரைப் பதியுங்கள்.

அடுத்த வாரம் வருவதாகச் சொன்ன நிறுவனத்தின் பதிவு விவரங்களை நான் பார்த்துவிட்டேன், அவை சரியாக இருக்கின்றன. அவர்களுடைய தளத்தில் உள்ள எண்ணை இன்று இரண்டு முறை அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. நாளை காலை மீண்டும் அழைப்பேன். பதில் கிடைக்கும் வரை அந்தப் படிவத்தை யாரும் தொட வேண்டாம். ஏற்றியவர்கள் எந்தெந்த ஆவணங்களை ஏற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, நாளை முதல் வகுப்புக்கு முன் என் அறைக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
வேலைவாய்ப்பு அலுவலர்